கம்பி மேலே காக்கா பத்து

“குழந்தை இப்போது முழு சௌக்கியம். காதைப் பற்றி நீ எழுதியிருந்த கவலைக்கு இடமில்லை. நேற்று நானே அவன் முதுகுக்குப் பின்னால் நின்று அந்தக் காக்காய்ப் பாட்டைப் பாடினேன். பத்திலிருந்து ஒன்றுமில்லாதது வரை ஒரு விரல்கூடப் பிசகாமல் மடக்கிக் காட்டினான். ஆகவே அவனை ஊருக்கு அழைத்துப் போக நீ புறப்பட்டு வர வேண்டியதில்லை.”

கல்கத்தாவிலிருந்து அப்பா மாயவரத்தில் இருந்த சித்தப்பாவுக்கு எழுதிய தபால் கார்டு இது. புரட்டாசி பன்னிரண்டு என்று தேதி இருக்கிறது, வருஷம் இல்லை. தபால் முத்திரை விழுந்த மூலை கிழிந்துபோயிருக்கிறது. கார்டின் கடைசியில் மின்சார டிராமில் ஆபீஸ் போய்வருவதாக ஒரு வரி உண்டு. ஆகவே குதிரை டிராம் ஒழிந்த பிறகு எழுதியது. எங்கள் குடும்பத்தின் பிந்தைய கடிதங்கள் எல்லாவற்றிலும் அடிபடும், டில்லிக்குத் தலைநகரம் மாறிய விஷயத்தைப் பற்றி அந்தச் சமயத்துக் கடிதங்களில் ஒரு பேச்சும் இல்லை. ஆகவே அதற்கு முந்தையது. எனக்கு அப்போது எட்டு வயது என்று ஜாதகமும் ஒன்பது என்று பள்ளிக்கூடப் பதிவும் சொல்வதால், இதைவிட நெருங்கிச் சொல்ல என்னால் முடியவில்லை.

கார்டில் இருக்கும் செய்தி தவறு. தம்பிக்குக் காது கேட்கவில்லை. அப்பா பொய் எழுதுகிறவர் அல்லர். தாம் கண்டதைத்தான் எழுதினார். அவர் அப்படிக் காணும்படி செய்தவள் நான்.

அந்த வருஷம் சித்திரையில் தம்பிக்குக் கடுமையான ஜுரம் வந்தது. பதினேழு நாள் என்று அம்மா சொல்வாள். அத்தை இருபத்தொன்று என்பாள். எழுந்து உட்கார்ந்தபோது அவனுக்கு நடை தள்ளாடியது. கூப்பிட்டால் திரும்பவில்லை. பேச்சு இருந்தது, ஆனால் தேவைக்கு மேல் உரக்கப் பேசினான். பலவீனம் என்றார் டாக்டர். பிடிவாதம் என்றாள் அத்தை. அப்பாவின் அக்காவான அவள் எங்களோடுதான் இருந்தாள். அவனுக்கு நான்கு முடிந்து ஐந்து நடந்துகொண்டிருந்தது.

நாங்கள் பாலிகஞ்ச் ஸ்டேஷனுக்கு மேற்கே, ரயில் பாதை தெரியும் ஒரு வீட்டில் குடியிருந்தோம். மூன்றாவது வீட்டில் ஒரு மாமி இருந்தாள். அவளுக்குக் குழந்தை கிடையாது. தெருவில் உள்ள தமிழ்க் குழந்தைகளையும் வங்காளிக் குழந்தைகளையும் சாயங்காலத்தில் தன் வீட்டு முற்றத்தில் சேர்த்து உட்காரவைத்து ஏதாவது பாட்டுச் சொல்லிக்கொடுப்பாள். ரயில் பாதையோரத் தந்திக் கம்பியில் காக்காய்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அவளே கட்டிய பாட்டு இது.

கம்பி மேலே காக்கா பத்து
கழுத்தைச் சாய்ச்சுப் பாக்குது பாரு
ஒண்ணு பறந்து போயே போச்சு
ஒக்காந்த காக்கா எத்தனை, கூறு

பத்து விரல்களையும் நிமிர்த்திக் கைகளை முன்னால் நீட்ட வேண்டும். இரண்டாம் அடியில் எல்லாரும் தலையை ஒரு பக்கம் சாய்க்க வேண்டும். மூன்றாம் அடியில் வலது சுண்டுவிரல் மடங்கும். நான்காம் அடி முடிந்ததும் “ஒம்போது!” என்று கத்த வேண்டும். அடுத்த தடவை ‘காக்கா ஒம்போது’ என்று தொடங்கும். மோதிர விரல் மடங்கும். பாட்டில் மாறுவது அந்த ஒரு சொல்தான். ஐந்து ஆனதும் வலது கை முழுவதும் முதுகுக்குப் பின்னால் போய்விடும். பிறகு இடது சுண்டுவிரலிலிருந்து ஆரம்பம். கடைசியில் இடது கட்டைவிரல் மட்டும் நிற்கும். அதுவும் போனால் இரண்டு கையும் பின்னால். ‘கம்பி மட்டும் ஆடுது பாரு’ என்று உடம்பை ஆட்ட வேண்டும்.

முதலில் நானும் மற்றவர்களும் ஒவ்வொரு தடவையும் மிச்சமிருக்கும் விரல்களை ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பார்த்துத்தான் விடை சொன்னோம். மாமி விடவில்லை.

“ஏண்டி, மறுபடியும் மறுபடியும் எண்ணறே? ஒண்ணுதானே போச்சு? எட்டுக்கு முன்னாடி என்ன இருக்கோ அதைச் சொல்லேன்.”

பாட்டின் பாடம் அவ்வளவுதான். ஒன்றை எடுத்தால் முந்தைய எண். எத்தனை தடவை எடுத்தாலும் அதே. திரும்ப எண்ணத் தேவையில்லை. எங்களுக்கு இது பிடிபட ஒரு வாரம் ஆயிற்று. ஜுரத்திலிருந்து எழுந்திருந்த தம்பிக்கு இரண்டே நாள். “இந்தப் பொடிப்பயலைப் பாருங்கோடி” என்று மாமி அவனை உதாரணம் காட்டினாள். எனக்குப் பொறாமையாக இருந்தது. அவன் பாட்டைக் கேட்கவே இல்லை, கைகளைப் பார்த்தே சட்டத்தைக் கண்டுபிடித்துவிட்டான் என்பது அப்போது தெரியாது.

தெரிந்தது ஆனி மாதத்தில். கொல்லையில் அவன் குந்தி உட்கார்ந்து எறும்பு பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு நாலு முழம் பின்னால் என் கையிலிருந்து பித்தளைத் தாம்பாளம் கல்லில் விழுந்தது. சுவரில் இருந்த குருவிகள் எல்லாம் எழும்பின. உள்ளேயிருந்து அத்தை, “எதைடீ போட்டு உடைச்சே?” என்று கத்தினாள். தம்பி எறும்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நான் தாம்பாளத்தை எடுத்து வேண்டுமென்றே மறுபடியும் போட்டேன். அவன் திரும்பவில்லை.

உடனே அம்மாவிடம் ஓடியிருக்க வேண்டும். ஓடாததற்குக் காரணம் இருந்தது. அதற்குச் சில நாள் முன்னால் அத்தை அம்மாவிடம் பேசியதை நான் கேட்டிருந்தேன்.

“நம்ம பெரியப்பா பேரன் ஒருத்தன் இப்படித்தான் செவிடாப் போனான். மாமாவாத்துல கொண்டுபோய் விட்டுட்டா. வைத்தீஸ்வரன் கோவிலுக்குப் பக்கம். அங்கேயே மாடு கன்னைப் பாத்துண்டு இருக்கான். இந்த ஊர்ல வெச்சுண்டு என்ன பண்றது? நாலு பேர் கேட்டா என்ன சொல்றது?”

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

அந்தப் பையன் பிறகு எப்போதாவது தன் அம்மாவிடம் வந்தானா என்று நான் அத்தையிடம் கேட்டேன். “எதுக்கு வரணும்?” என்றாள். எனக்கு அது போதும். ஆவணியில் சித்தப்பாவிடமிருந்து கடிதம் வந்தது. பூஜை லீவில் கல்கத்தா வருவதாகவும், பையனுக்குக் காது மந்தம் என்று அத்தை எழுதியது உண்மையானால் தம்மோடு அழைத்துப் போய் வைத்தியம் பார்ப்பதாகவும் எழுதியிருந்தார். அப்பா அதை உரக்க வாசித்தபோது தம்பி அவர் வாயையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

ஆனியில் தாம்பாளம் விழுந்த நாளிலிருந்தே நான் அவன் பக்கத்தை விட்டு நகரவில்லை. யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் அவன் முழங்கையைக் கிள்ளுவேன், திரும்புவான். சாப்பிடக் கூப்பிட்டால் நான் எழுந்திருப்பேன், அவனும் எழுந்திருப்பான். அவனைக் காட்டிக்கொடுத்தது குரல்தான். அது மேலும் உரத்துப்போயிருந்தது. வார்த்தைகள் கோணத் தொடங்கியிருந்தன. அதனால் யாராவது அருகில் இருக்கும்போது அவன் பேச வாயெடுத்தால் என் உதட்டில் விரலை வைத்துக் காட்டுவேன். கெட்டிக்காரன், சீக்கிரம் பழகிக்கொண்டான். புரட்டாசி பிறப்பதற்குள் வீட்டில் அவன் சத்தமே இல்லை. “ஜுரத்துக்கு அப்புறம் எவ்வளவு சாதுவா ஆயிட்டான்” என்று அத்தைகூட மெச்சினாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

அப்பா ஒரு கம்பெனியில் கடிதப் பிரிவில் குமாஸ்தா. எதையும் ருசு பார்த்த பிறகே நம்புவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, “சின்னதா ஒரு டெஸ்ட் பண்ணிடலாம்” என்றார். தம்பியைக் கூடத்தில் வாசலைப் பார்த்து உட்காரவைத்தார். தாம் பின்னால் நின்றுகொண்டார். அத்தை தூணோரம் நின்றாள். அம்மா சமையலறை நிலையில். வாசற்படியில், தம்பியின் கண்ணுக்கு நேரே, நான் பவழமல்லி தொடுத்துக்கொண்டிருந்தேன். என்னை யாரும் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை.

“இப்போ நான் காக்கா பாட்டுப் பாடப் போறேன். காதுல விழுந்தா மடக்கட்டும். விழலேன்னா மடக்கமாட்டான்” என்றார் அப்பா.

நான் தலையைச் சாய்த்தேன். தம்பி பத்து விரலையும் நீட்டித் தலையைச் சாய்த்தான். மூன்றாம் அடி வரும்போது பூ எடுப்பதுபோல் முகவாயை லேசாகத் தூக்கினேன், சுண்டுவிரல் மடங்கியது. மற்றதெல்லாம் பாட்டின் வேலை. அடுத்தது எது என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை; எப்போது என்று மட்டும் தெரிந்தால் போதும். அந்தப் பாட்டு அவ்வளவு நன்றாகப் பாடம் சொல்லும் பாட்டு. காது கேட்கிறதா என்று பார்க்க அதைவிட மோசமான கருவி கிடையாது. அது அப்பாவுக்குத் தோன்றவில்லை.

“விடையை வாயால சொல்லலையே?” என்றாள் அத்தை.

“விரல்தான் சொல்றதே அக்கா” என்றார் அப்பா. அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் அதுவரை பார்த்ததில்லை. மறுநாள் அந்தக் கார்டை எழுதினார். சோதனை முடிந்ததும் நான் உள்ளே போய் அரிசிப் பானைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன், சாப்பிடக் கூப்பிடும்வரை வெளியே வரவில்லை.

எட்டு நாள் கழித்து நவராத்திரி வந்தது. தெருவில் ஒரு பக்கம் துர்க்கா பூஜைக்கு அடிக்கும் டாக் என்ற வங்காளி மேளத்தின் சத்தம். எங்கள் வீடுகளில் கொலு. மாமி வீட்டில் ஒரு மாலை பத்துப் பன்னிரண்டு குழந்தைகள் கூடினோம். சுண்டல் கொடுப்பதற்கு முன் பாட வேண்டும் என்பது மாமியின் விதி. நான் வழக்கம்போல் தம்பிக்கு எதிரே உட்கார்ந்தேன்.

பத்து, ஒன்பது, எட்டு, ஏழு என்று சரியாக இறங்கி வந்தது. ஆறு என்று தொடங்கியபோது மாமியின் கண்ணில் ஒரு குறும்பு தெரிந்தது. மூன்றாம் அடியை மாற்றிப் பாடினாள்:

ஒண்ணு திரும்பி வந்தே ஆச்சு

எல்லாரும் ஒரு கணம் திகைத்தோம். பிறகு மடக்கிய விரலில் ஒன்றை நிமிர்த்தி “ஏழு!” என்று கூவினோம். ஒன்று சேர்ந்தால் அடுத்த எண்; பாட்டின் மறுபாதிப் பாடம். தம்பி வலது கையை முழுவதும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் ஐந்து விரலைக் காட்டிக்கொண்டிருந்தான்.

“பாஞ்ச்! கோகா பாஞ்ச் தேகாச்சே!” என்று பக்கத்து வீட்டு வங்காளிப் பெண் கைகொட்டிச் சிரித்தாள். குழந்தை ஐந்து காட்டுகிறான் என்று எல்லாரும் சிரித்தார்கள். தம்பி சுற்றிப் பார்த்தான். மற்றவர்களின் கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, வலது கையை முன்னால் கொண்டுவந்து இரண்டு விரலை நிமிர்த்தினான்.

மாமி அவன் கைகளைப் பார்க்கவில்லை, கண்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சரி, இன்னொரு தடவை. இப்போ எல்லாரும் கண்ணை மூடிக்கோங்கோ. நான் பாட்டை எங்கே நிறுத்தறேனோ, அங்கேயே விரலை அப்படியே வெச்சுக்கணும்.”

எல்லாரும் மூடினோம். தம்பி எல்லாரும் மூடுவதைப் பார்த்துத் தானும் மூடிக்கொண்டான். நான் இமையைப் பாதி திறந்து பார்த்தேன். அவனுக்கு இப்போது பாட்டும் இல்லை, நானும் இல்லை. பத்து விரலையும் நீட்டிக்கொண்டு நெற்றியைச் சுருக்கி உட்கார்ந்திருந்தான்.

மாமி இரண்டு தடவை பாடி, எட்டில் நிறுத்தினாள். மற்ற எல்லார் கைகளும் எட்டில் நின்றன. தன் கணக்கில் மடக்கிக்கொண்டே வந்த தம்பியின் விரல் ஏழுக்குப் போயிற்று. பிறகு தலையைச் சாய்த்தான். ஆறு. ஒருவர் பின் ஒருவராக எல்லாரும் கண்ணைத் திறந்தார்கள். அவன் தலையைச் சாய்ப்பதும் விரலை மடக்குவதுமாகத் தன் பாட்டில் போய்க்கொண்டிருந்தான். ஒரு தப்பும் இல்லை. யாரும் பாடாத பாட்டை அவன் மட்டும் செய்துகொண்டிருந்தான்.

அப்போது நான் செய்ததை இன்று நினைத்தாலும் கழுத்து வியர்க்கிறது. உரத்த குரலில் பாட ஆரம்பித்தேன். அவன் விரல்களைப் பார்த்துக்கொண்டு, அவன் வேகத்துக்கு, “கம்பி மேலே காக்கா அஞ்சு” என்று பாடினேன். பாட்டு நிற்கவே இல்லை, மற்றவர்கள்தாம் அவசரப்பட்டு நிறுத்திவிட்டார்கள் என்று ஆகிவிடும் என்பது என் கணக்கு. நாலு, மூணு, ரெண்டு. விடாமல் பாடினேன். அவன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு உடம்பை ஆட்டினான். கண்ணைத் திறக்கவில்லை. யாராவது தொட்டுச் சொல்லட்டும் என்று காத்திருந்தான்.

குழந்தைகள் யாரும் சிரிக்கவில்லை. மாமி எழுந்து வந்து அவன் இமைகளைக் கட்டைவிரலால் தொட்டாள். கண்ணைத் திறந்து முதலில் என்னைத்தான் பார்த்தான். நான் சரி என்று தலையாட்டினேன்.

“அவன்தான் கடைசி வரைக்கும் பண்ணினான். அவனுக்குத்தான் முதல் சுண்டல்” என்றாள் மாமி.

எங்களை வீட்டில் கொண்டுவிட அவளே வந்தாள். வாசலில் அம்மாவை ஓரமாக அழைத்தாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

“குழந்தைக்குக் காது...” என்று மாமி தொடங்கினாள்.

“தெரியும் மாமி. ஆடி மாசத்துலேர்ந்து தெரியும்.”

“அப்புறம் ஏன் வாயை மூடிண்டு இருக்கேள்?”

“அவர் இவனைச் சித்தப்பாவோட ஊருக்கு அனுப்பிச்சுட்டார்னா?”

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அம்மாவும் அன்று சமையலறை நிலையில் நின்று நான் முகவாயைத் தூக்கியதைப் பார்த்திருக்கிறாள்.

“நன்னாயிருக்கு, அம்மாவும் பொண்ணும் சேர்ந்து ஒளிச்சு வெக்கறது! குழந்தை என்ன வெல்லப் பானையா?” என்றாள் மாமி. “வடக்கே ஒரு பள்ளிக்கூடம் இருக்கு. காது கேக்காத குழந்தைகளுக்கே. எங்காத்து மாமா டிராம்ல தினம் அதைத் தாண்டித்தான் போறார். கண்ணாடியைப் பாத்து, தொண்டையில கையை வெச்சுப் பேசச் சொல்லித்தராளாம். நீங்க சொல்றேளா, இல்லை எங்காத்து மாமாவை விட்டுச் சொல்லச் சொல்லட்டுமா?”

அம்மாவே சொன்னாள். அன்று அப்பா சாப்பிடவில்லை. என்னைக் கூப்பிட்டு, “நீ தெரிஞ்சுண்டே பண்ணினியா?” என்று கேட்டார். தலையாட்டினேன். அடிப்பார் என்று நின்றேன். “போ” என்றார். அவ்வளவுதான்.

பூஜை லீவு முடிந்த பிறகு ஒரு திங்கட்கிழமை காலை அப்பா ஆபீசுக்கு லீவு போட்டார். அம்மா தம்பியின் இரண்டு சட்டைகளை மடித்து ஒரு துணிப்பையில் வைத்தாள். இரண்டு சட்டை எதற்கு என்று கேட்டேன். மழை வந்து நனைந்துவிட்டால் மாற்ற என்றாள். வானத்தில் மேகமே இல்லை. அப்பா அவனைக் கைப்பிடித்து டிராமுக்கு அழைத்துப்போனார். திருப்பத்தில் அவன் திரும்பி என்னைப் பார்த்தான். நான் பழக்கத்தில் உதட்டில் விரலை வைத்தேன்.

ஜன்னலை விட்டு நகரவில்லை. மத்தியானச் சாப்பாடு வேண்டாம் என்றேன். ஸ்டேஷனில் ஒவ்வொரு ரயில் ஊதும்போதும் அது ஹவுராவில் மெட்ராஸுக்குப் புறப்படும் ரயில் என்று நினைத்து அழுதேன். ஹவுரா ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிறது என்று அம்மா எவ்வளவு சொல்லியும் நான் கேட்கவில்லை. விளக்கேற்றும் நேரத்தில் அப்பாவின் குடை முனை தெரிந்தது. அதற்குக் கீழே தம்பியின் தலை. துணிப்பை அவிழ்க்காமலே இருந்தது.

அப்பா கால் கழுவிவிட்டு, பள்ளிக்கூடத்து வாத்தியார் சொன்னதை அம்மாவிடம் சொன்னார். தினம் காலையில் கொண்டுவிட்டு மாலையில் அழைத்துவரலாம். பிறவிச் செவிடு இல்லை. பேச்சு வந்த பிறகு காது போனவன். இப்படிப்பட்ட குழந்தைகள் பேசிக்கொண்டே இருந்தால்தான் இருக்கிற பேச்சு நிலைக்கும். சத்தம் எப்படி இருந்தாலும் பேசவிட வேண்டும். வெளிச்சத்தில் முகத்துக்கு நேரே நின்று பேச வேண்டும்; பதில் கேட்டு வாங்க வேண்டும். “எத்தனை நாளா இப்படி அடங்கிப்போயிருக்கான்னு கேட்டார்” என்று அப்பா சொல்லி நிறுத்தினார். அம்மா என்னைப் பார்க்கவில்லை. வேண்டுமென்றேதான் பார்க்கவில்லை என்பது இப்போது தெரிகிறது.

நான் அன்று அதை நாளை முதல் செய்ய வேண்டிய வேலையாக மட்டும் கேட்டுக்கொண்டேன். தம்பி வந்துவிட்டான், மறுபடியும் நாளை மாலை வருவான். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. வாத்தியார் கேட்ட கேள்வி ஆனியிலிருந்து புரட்டாசி வரையிலான மாதங்களைப் பற்றியது என்பதும், அந்த மாதங்களில் அவன் வாயை மூடியது ஜுரம் அல்ல என்பதும் புரிய எனக்கு வெகுகாலம் ஆயிற்று.

தம்பி பிறகு பேசக் கற்றான், வங்காளியில் கற்றான். அங்கே அதுதான் சொல்லித்தந்தார்கள். அவனுடைய தமிழில் முப்பதுக்குக் குறைவான சொற்களே தங்கின. ஜுரத்துக்கு முன் அவனிடம் இருந்த சொற்களுக்கு அம்மாவைக் கேட்டு ஒரு பட்டியல் எழுதியிருக்கிறேன். எந்தச் சொல் எந்த மாதம் வரை இருந்தது என்று எதிரே குறித்திருக்கிறேன். ‘மழை’ என்ற சொல்லுக்கு எதிரே மட்டும் இடம் காலியாக இருக்கிறது. ஆடியில் ஒரு நாள் கொல்லையில் நனைந்துகொண்டே அவன் அதைச் சொன்னதாகவும், நான் வாயைப் பொத்தியதாகவும் எனக்கு நினைவு. அதற்கு முன்பே அது போய்விட்டது என்று அம்மா அடித்துச் சொன்னாள். அவள் சொன்னது சரிதானா, எனக்காகச் சொன்னதா என்பதை உறுதிசெய்ய என்னிடம் வேறு சான்று இல்லை.